ஆறு தாள் வந்தது, பத்திரம் ஏழு தாள்: பிழையுள்ள மூலத்தை மொழிபெயர்க்கும் முன் என்ன செய்வது

ஒரு நிலத் தகராறு. கீழ்க்கோர்ட்டில் தொடங்கி உயர் நீதிமன்றம் வரை வந்து, அடுத்து உச்ச நீதிமன்றத்துக்குப் போகிறது. அங்கே தாக்கல் செய்யும் தமிழ் ஆவணங்களுக்கெல்லாம் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். வழக்கின் மையமே 1974-இல் எழுதிய ஒரு கிரயப் பத்திரம்தான். வழக்கறிஞர் அலுவலகத்திலிருந்து அதன் ஜெராக்ஸை ஸ்கேன் செய்து ஒரே பிடிஎஃப்பாக அனுப்பியிருந்தார்கள். மொத்தம் ஆறு படங்கள், கையெழுத்தில் எழுதிய பத்திரம், படிக்க முடிகிற எழுத்து. "சின்ன டாக்குமெண்ட்தான் சார், ரெண்டு நாள்ல குடுத்துடுங்க" என்று ஜூனியர் சொன்னார்.

அந்தச் சின்ன டாக்குமெண்ட்டில் ஒரு தாள் இல்லை, விஸ்தீரணம் இரண்டு விதமாக இருந்தது, நான்கு எல்லையில் ஒரு திசை இரண்டு தடவை வந்து இன்னொரு திசை வரவே இல்லை. இவற்றோடு பிழை மாதிரி தெரிந்து பிழையே இல்லாதவையும் சில இருந்தன. ஒவ்வொன்றையும் எப்படிக் கண்டுபிடித்தேன், யாரிடம் என்ன கேட்டேன், கடைசியில் மொழிபெயர்ப்பில் எது எப்படிப் போனது என்பதைத்தான் எழுதுகிறேன். கட்சிக்காரர்களை அடையாளம் காண முடியாதபடி எண்களையும் இட விவரங்களையும் மாற்றியிருக்கிறேன், சிக்கல்களை மாற்றவில்லை.

முதலில் ஒரு பிரிவினையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் செய்த எல்லாமே அதிலிருந்துதான் வருகிறது. மூலத்தில் ஏதாவது தவறாகத் தெரிந்தால் அந்தத் தவறு எங்கே இருக்கிறது என்று முதலில் கேட்க வேண்டும். நகலில் இருக்கலாம், அதாவது அசல் சரியாக இருக்க, நம் கைக்கு வந்த ஜெராக்ஸ்தான் கெட்டிருக்கிறது. அப்படியானால் நல்ல நகல் வாங்க வேண்டும், ஊகிக்கக் கூடாது. அல்லது ஆவணத்திலேயே இருக்கலாம், எழுதியவரே அப்படித்தான் எழுதியிருக்கிறார். அப்படியானால் தொடக் கூடாது, அப்படியே கொண்டுபோய்க் குறிப்புப் போட வேண்டும். அல்லது படிக்கிற நம்மிடமே இருக்கலாம், பழைய வழக்கு தெரியாமல் சரியானதைப் பிழை என்று நினைக்கிறோம். அப்படியானால் தேடிப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த மூன்றையும் பிரிக்காமல் மொழிபெயர்க்க உட்கார்ந்தால், நகல் பிழையை ஆவணப் பிழையாக்கி, ஆவணப் பிழையைத் திருத்தி, சரியாக இருந்ததைக் கெடுத்துக் கொடுத்துவிடுவோம்.

இல்லாத தாள்

தாள் விடுபட்டிருக்கிறது என்று ஆறு படங்களையும் படித்தபோது தெரியவே இல்லை. அது ஏன் என்பதுதான் இந்த வழக்கில் முக்கியமானது.

மூன்றாவது படத்தின் கடைசி வரி இப்படி முடிந்தது: "கிரையத் தொகை பூராவும் நான் ரொக்கமாகப் பெற்றுக்கொண்டபடியால் இனி மேற்படி சொத்தை". நான்காவது படத்தின் முதல் வரி: "தாங்களே சர்வ சுதந்திர பாத்தியத்துடன் ஆண்டனுபவித்துக் கொள்ள வேண்டியது." இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். எங்கேயும் இடறாது. பழைய பத்திரங்களின் நடை முழுக்க வாய்பாடு, "மேற்படி சொத்தை" என்று ஒரு தாள் முடிந்தால் அடுத்த தாள் எப்படி ஆரம்பித்தாலும் பாதிக்குப் பாதி பொருந்திவிடும். ஆகவே வாக்கியம் ஓடுகிறதா என்று பார்த்துத் தாள்கள் முழுமையா என்று முடிவு செய்யவே கூடாது. வாக்கியம் முறிந்தால் ஏதோ இல்லை என்பது நிச்சயம். முறியாமல் ஓடினாலோ எதுவும் நிச்சயமில்லை.

எனக்குச் சந்தேகம் வந்தது வேறு இடத்தில். ஆறு படங்களும் முன்பக்கம் மட்டுமே, பின்பக்கம் ஒன்றுகூட இல்லை. பதிவான பத்திரத்தில் பின்பக்கம் வெறும் தாள் இல்லை. முத்திரைத்தாள் விற்றவர் யாருக்கு, எந்தத் தேதியில், என்ன மதிப்பில் விற்றார் என்ற குறிப்பு அங்கேதான் இருக்கும். பத்திரத்தைத் தாக்கல் செய்தவர் யார், எழுதிக்கொடுத்ததை யார் ஒப்புக்கொண்டார், யார் அடையாளம் காட்டினார் என்று சார்பதிவாளர் அலுவலகத்தில் எழுதுவதும் அங்கேதான். நமக்கு வேண்டிய முக்கியமான சங்கதியும் அங்கேதான் உண்டு: ஒவ்வொரு தாளிலும் 1-ஆம் புத்தகம், ஆண்டு, ஆவண எண், மொத்தம் எத்தனை தாள், இது எத்தனையாவது தாள் என்று குறித்துச் சார்பதிவாளர் கையெழுத்துப் போட்டிருப்பார்.

பின்பக்கமும் ஆவணத்தின் பகுதிதான், அது இல்லாமல் மொழிபெயர்ப்பு முழுமையாகாது என்று எழுதி, எல்லாத் தாளின் பின்பக்கத்தையும் கேட்டேன். மறுநாள் வந்தது. மொத்தம் 7 தாள் என்று எல்லாவற்றிலும் இருந்தது. வரிசை 1, 2, 3, 5, 6, 7. நான்காவது இல்லை.

இந்தச் சோதனை எந்த ஆவணத்துக்கும் ஏதாவது ஒரு வடிவத்தில் இருக்கும். மருத்துவமனை ரிப்போர்ட்டில் "பக்கம் 2 / 5" என்று அடியில் அச்சாகியிருக்கும். ஒப்பந்தத்தில் பிரிவு எண்கள் 11-இலிருந்து 13-க்குத் தாவும், அல்லது இணைப்பு 3-ஐப் பார்க்கவும் என்று இருக்கும், இணைப்பு 3 வந்திருக்காது. பல்கலைக்கழக மதிப்பெண் பட்டியலில் எல்லாப் பருவத்தையும் கூட்டினால் மொத்தத்துக்கு வராது. ஆவணம் தன்னைப் பற்றித் தானே சொல்லும் கணக்கு ஒன்று எங்காவது இருக்கும், படிக்க ஆரம்பிக்கும் முன் அதைத் தேடிப் பிடித்துவிட வேண்டும்.

சரி, நான்காவது தாளை எங்கே வாங்குவது? இங்கே ஒரு சங்கடம் உண்டு, பலர் கவனிக்காமல் விடுவது. பத்திரத்தின் நகலை இரண்டு இடத்தில் வாங்கலாம். ஒன்று சார்பதிவாளர் அலுவலகம். 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 57-ஆம் பிரிவுப்படி 1-ஆம் புத்தகத்தில் பதிவான ஆவணத்துக்கு யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டிச் சான்றிட்ட நகல் வாங்கலாம். ஆவண எண், ஆண்டு, எந்தச் சார்பதிவகம் என்ற மூன்றும் தெரிந்தால் போதும். இன்னொன்று விசாரணை நீதிமன்றம். இந்தப் பத்திரம் வழக்கில் வாதி தரப்புச் சான்றாவணமாகக் குறியிடப்பட்டது, அந்தச் சான்றாவணத்தின் நகலையும் மனுப் போட்டு வாங்கலாம்.

ஜூனியர் முதலில் சார்பதிவகத்துக்குத்தான் ஆள் அனுப்பப் பார்த்தார், அது சுலபம் என்பதால். சார்பதிவக நகல் மட்டும் போதாது என்று நான் சொன்னேன். மேல்நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பு எதற்குப் பதிலாக நிற்கப் போகிறது? விசாரணையில் சான்றாக ஏற்ற அந்த ஆவணத்துக்குப் பதிலாக. ஒருவேளை குறியிடப்பட்ட சான்றாவணத்திலேயே நான்காவது தாள் இல்லாமல் இருந்தால்? அப்போது சார்பதிவகத்திலிருந்து வாங்கிய தாளை நடுவில் செருகி மொழிபெயர்த்தால், நீதிமன்றம் பார்க்காத ஒரு பக்கத்தை அது பார்த்ததாக நான் ஆக்குகிறேன். அது வழக்கறிஞர் தனியாக அனுமதி கேட்டுக் கொண்டுவர வேண்டிய புதுச் சான்று, என் மொழிபெயர்ப்பு வழியாக நுழையக் கூடாது.

வழக்கறிஞர் இதை உடனே புரிந்துகொண்டார். இரண்டு நகலுக்கும் மனுப் போட்டார்கள். நீதிமன்ற நகல் வந்தது, ஏழு தாளும் இருந்தன. ஆக, அலுவலகக் கோப்பில் இருந்த ஜெராக்ஸில்தான் விடுபட்டிருக்கிறது. இது முதல் வகை, நகலின் பிழை.

நான்காவது தாளில் என்ன இருந்தது? "தங்கள் வசம் இன்றே சுவாதீனம் கொடுத்துவிட்டேன்" என்று ஆரம்பித்து, விற்ற நிலத்தின் வழியாக வண்டிப்பாதைக்குப் போய்வர எட்டு அடி அகலத்தில் ஒரு வழியை எழுதிக்கொடுத்தவர் தனக்கும் தன் வாரிசுகளுக்கும் நிறுத்திக்கொண்டிருந்தார். பிறகு "அது நீங்கலாக மேற்படி சொத்தை" என்று தாள் முடிந்தது. ஐந்தாவது தாள் "தாங்களே" என்று தொடர்ந்தது. வழக்கே அந்த வழியைப் பற்றியதுதான். அது இல்லாமல் மொழிபெயர்த்திருந்தால் எந்த நிபந்தனையும் இல்லாத கிரயமாக ஆங்கிலத்தில் போயிருக்கும், படிப்பவர் யாருக்கும் ஐயம் வந்திருக்காது.

எண்களையும் திசைகளையும் தனியே எடுத்து எழுதுவது

முழு நகல் கைக்கு வந்ததும் நான் செய்தது மொழிபெயர்ப்பு அல்ல, ஒரு பட்டியல். பத்திரத்தில் வருகிற ஒவ்வொரு பெயர், தேதி, தொகை, அளவு, சர்வே எண், திசை எல்லாவற்றையும் எந்தத் தாள், எந்த வரி என்ற குறிப்போடு ஒரு ஷீட்டில் எடுத்து எழுதுவேன், ஒரே விஷயம் மறுபடி வந்தால் பக்கத்திலேயே அதையும். வாக்கியமாகப் படிக்கும்போது மனம் முரண்பாட்டை விழுங்கிவிடும், ஏனென்றால் இரண்டாவது தடவை வரும் எண்ணை நாம் படிப்பதில்லை, தெரிந்ததுதானே என்று தாண்டிவிடுவோம். பக்கத்துப் பக்கத்தில் எழுதினால் தாண்ட முடியாது. ஏழு தாளுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது.

அதில்தான் விஸ்தீரணம் பிடிபட்டது. இரண்டாவது தாளில் "1 ஏக்கர் 24 சென்ட்". ஆறாவது தாளில், சொத்து விவரத்தில், "1 ஏக்கர் 42 சென்ட்". இரண்டும் தெளிவான எழுத்து, நகல் மங்கல் இல்லை. அப்படியானால் இது ஆவணத்தின் பிழை, எழுதியவர் கை எண்ணை மாற்றிப்போட்டிருக்கிறது.

ஜூனியரைக் கூப்பிட்டபோது அவர் தயங்கவே இல்லை. "1.42தான் சார் சரி, பட்டால அப்படித்தான் இருக்கு, மாத்திப் போட்டுடுங்க." பட்டாவை அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். ஹெக்டேர் 0.57.5 என்று இருந்தது, அதாவது 57.5 ஏர். ஒரு ஏர் என்பது ஏறக்குறைய 2.47 சென்ட். பெருக்கினால் 142 சென்ட் வருகிறது. அவர் சொன்னது கணக்குப்படி சரிதான்.

ஆனால் நான் மாற்றவில்லை. பட்டா பின்னால் வந்த இன்னொரு ஆவணம். 1974-இல் எழுதிக்கொடுத்தவர் எவ்வளவு விற்றார் என்பதற்கு அது ஒரு சான்றாக இருக்கலாம், ஆனால் அந்தச் சான்றை எடைபோட வேண்டியவர் நீதிபதி. நான் 1.24-ஐ 1.42 என்று மாற்றி எழுதி, அடியில் "உண்மையான, சரியான மொழிபெயர்ப்பு" என்று கையெழுத்துப் போட்டால், நான் சான்றளிப்பது பத்திரத்தில் இல்லாத ஒன்றுக்கு. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் தமிழையும் ஆங்கிலத்தையும் பக்கத்தில் வைத்துப் படிக்கப் போகிறார், அது அவர் வேலை. இந்த ஓர் எண் மாறியிருப்பதைக் காட்டினால் மீதி ஆறு தாளையும் யாரும் நம்ப வேண்டியதில்லை. உதவி செய்கிறோம் என்று நினைத்துச் செய்கிற திருத்தம் கட்சிக்காரருக்கே கெடுதலாக முடியும். இதை ஜூனியரிடம் சொன்னேன், ஏற்றுக்கொண்டார்.

இரண்டு வடக்கு

விஸ்தீரணத்தைவிட எல்லைதான் பெரிய தலைவலி. தமிழ்நாட்டுப் பத்திரங்களில் எல்லை சொல்கிற முறை தெரியாதவர்கள் இதில் தடுமாறுவார்கள், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

"பாதைக்கும் வடக்கு" என்று இருந்தால் பாதை வடக்கே இருக்கிறது என்று பொருள் இல்லை. பாதைக்கு வடக்கே சொத்து இருக்கிறது, ஆகவே பாதை சொத்தின் தென் எல்லை. இதைத் தலைகீழாக மொழிபெயர்த்த ஆவணங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நிலத்தைச் சுற்றியுள்ள நான்கையும் இப்படிச் சொல்லி, "இதற்குள்பட்ட" என்று முடிப்பார்கள்.

ஆறாவது தாளில் இருந்தது இது: "வண்டிப்பாதைக்கும் வடக்கு, வாய்க்காலுக்கும் வடக்கு, கோயில் நிலத்துக்கும் கிழக்கு", அப்புறம் பக்கத்து நிலத்துக்காரர் பெயரைச் சொல்லி அவர் "நிலத்துக்கும் மேற்கு". வடக்கு இரண்டு தடவை, தெற்கு இல்லை. இரண்டில் ஒன்று தெற்கு என்று இருந்திருக்க வேண்டும், அதுவரை யாருக்கும் தெரியும். எந்த ஒன்று? முதல் வடக்கு தவறு என்றால் பாதை நிலத்துக்கு வடக்கே போகும், வாய்க்கால் தெற்கே. இரண்டாவது வடக்கு தவறு என்றால் பாதை தெற்கே, வாய்க்கால் வடக்கே. நான்காவது தாளில் நிறுத்திக்கொண்ட அந்த எட்டு அடி வழி பாதையை நோக்கிப் போகிறது. பாதை எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்து வழி நிலத்தின் எந்தப் பகுதியை வெட்டும் என்பதே மாறிவிடும்.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அளவுக்கும் எல்லைக்கும் முரண்பாடு வந்தால் நம் நீதிமன்றங்கள் பொதுவாக எல்லைக்குத்தான் கூடுதல் எடை கொடுக்கும். விதிவிலக்கு உண்டு, ஆனாலும் பொதுப்போக்கு அது. ஆக 1.24, 1.42 முரண்பாட்டைவிட இந்தத் திசை முரண்பாட்டுக்கு விலை அதிகம். எல்லாப் பிழைக்கும் ஒரே நேரம் செலவழிக்கக் கூடாது என்பதற்கு இதுதான் காரணம், எந்தப் பிழை யாருடைய உரிமையைத் தொடுகிறது என்று தெரிந்தால்தான் எங்கே நிற்க வேண்டும் என்று தெரியும்.

கேள்வி அனுப்பும்போது "எது சரி?" என்று நான் கேட்பதில்லை. அப்படிக் கேட்டால் பதில் சொல்பவர் தன் கருத்தைச் சொல்வார், அதுவும் அவர் ஒரு தரப்பின் வழக்கறிஞர். இப்படித்தான் எழுதினேன்: "கேள்வி 4. தாள் 6, வரி 8. 'வண்டிப்பாதைக்கும் வடக்கு, வாய்க்காலுக்கும் வடக்கு' என்று படிக்கிறேன். நான்கு எல்லையில் தெற்கு வரவில்லை. நீதிமன்றத்தில் உள்ள அசலில் இந்த இரண்டு சொல்லும் இப்படியே இருக்கின்றனவா என்று நேரில் பார்த்துச் சொல்ல வேண்டும். தாள் 7-இல் அடித்தல் திருத்தல் குறிப்பில் இந்த வரி இல்லை. அசலிலும் இப்படியே இருந்தால் மாற்றாமல் மொழிபெயர்த்து அடிக்குறிப்புப் போடுவேன்." இடம், நான் படித்தது, ஏன் சந்தேகம், யார் எதைப் பார்த்துச் சொல்ல வேண்டும், பதில் இப்படி வந்தால் என்ன செய்வேன் என்ற ஐந்தும் ஒரே கேள்வியில் இருந்தால் திரும்பத் திரும்பப் போன் பேச வேண்டாம். பதில் எழுத்தில் வர வேண்டும், யார் என்றைக்குச் சொன்னார் என்பதோடு.

அசலைப் பார்த்துவிட்டு எழுதினார்கள், இரண்டும் வடக்குதான்.

இதற்குள் சார்பதிவக நகலும் வந்துவிட்டது, அதில் இன்னொரு சிக்கல். அதே இடத்தில் "வண்டிப்பாதைக்கும் வடக்கு, வாய்க்காலுக்கும் தெற்கு" என்று இருந்தது! அந்தக் காலத்தில் பதிவான ஆவணத்தைச் சார்பதிவகத்தில் கையால் புத்தகத்தில் படியெடுத்து வைத்தார்கள், பிறகு ஒருவர் படிக்க ஒருவர் ஒப்பிட்டுப் பார்ப்பார். இப்போது நமக்குக் கிடைக்கும் சான்றிட்ட நகல் அந்தப் படியின் நகல், அசலின் நகல் அல்ல. படியெடுத்தவர் எழுதும்போதே பிழையைக் கண்டு பொருளை உணர்ந்து தெற்கு என்று போட்டிருக்கலாம், அல்லது கை தானாகவே வடக்குக்குப் பின் தெற்கு என்று எழுதியிருக்கலாம். எப்படி நடந்தது என்று சொல்ல வழியில்லை.

ஜூனியருக்குச் சந்தோஷம், சிக்கல் தீர்ந்தது என்று. எனக்கு அது தீர்வாகத் தெரியவில்லை. சான்றிட்ட நகல் அரசு முத்திரையோடு வருவதால் அதுதான் கடைசி வார்த்தை என்று நினைக்கத் தோன்றும், ஆனால் நான் மொழிபெயர்ப்பது சான்றாவணத்தை. இரண்டு நகலையும் கலந்து, எங்கே எது தெளிவாக இருக்கிறதோ அதை எடுத்து ஒரு பத்திரத்தை உருவாக்கினால், அப்படி ஒரு பத்திரம் உலகத்தில் எங்கேயும் இல்லை. ஆகவே மொழிபெயர்ப்பில் சார்பதிவக நகலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. வழக்கறிஞருக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதினேன்: இரண்டு நகலும் தாள் 6, வரி 8-இல் மாறுபடுகின்றன, சார்பதிவக நகலை நீங்கள் தாக்கல் செய்வதாக இருந்தால் அதைத் தனி ஆவணமாகத் தனியே மொழிபெயர்த்துத் தருகிறேன். அவர் அப்படியே செய்யச் சொன்னார், அது வேறொரு வேலையாக நடந்தது.

பிழை மாதிரி தெரிந்தவை

இதைச் சுருக்கமாக முடிக்கிறேன். "ஷை சொத்து", "ஷை கிரையம்" என்று பல இடத்தில் வருவதைப் பார்த்து இளைஞர்கள் கிறுக்கல் என்பார்கள். மேற்படி என்பதன் பழைய சுருக்கக் குறியைத்தான் அப்படி எழுதினார்கள். கிரையம், சுவாதீனம், வருஷம் எல்லாம் அந்தக் காலத்து எழுத்து, அவற்றுக்குக் குறிப்பே தேவையில்லை.

சர்வே எண்ணிலும் அப்படித்தான். பத்திரத்தில் 112/3, வழக்கு மனுவில் 112/3B. முரண்பாடு மாதிரி இருக்கும். ஆனால் 1980-களை ஒட்டி நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டின்போது எத்தனையோ ஊர்களில் உட்பிரிவு எண்கள் புதிதாக வந்தன. 1974 பத்திரத்தில் B இல்லாதது இயல்பு. இங்கே B-யைச் சேர்ப்பதுதான் பிழை.

இரண்டாவது தாளில் "ஐநூறு" என்பதை அடித்து மேலே "அறுநூறு" என்று எழுதியிருந்தது. ஏழாவது தாளின் அடியில், கையெழுத்துக்கு மேலே, இன்ன தாளில் இன்ன வரியில் இன்ன சொல்லை அடித்து இன்ன சொல் எழுதப்பட்டது என்று பத்திர எழுத்தர் குறித்திருந்தார், இதுவும் அதில் இருந்தது. பதிவுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு அடித்தல் திருத்தலை எழுதிக்கொடுப்பவர் கையெழுத்தால் உறுதிப்படுத்தச் சொல்கிறது, அதற்காகத்தான் இந்தக் குறிப்பு. ஆக இது ஆவணமே திருத்திக்கொண்ட பிழை. மொழிபெயர்ப்பில் அறுநூறு என்று போட்டு, அடித்த சொல்லையும் குறிப்பில் சொன்னேன். கையெழுத்துப் பத்திரத்தில் எந்தச் சந்தேகத்தையும் எழுப்பும் முன் இந்தக் கடைசிக் குறிப்பைப் படித்துவிட வேண்டும்.

வாங்கியவரின் தந்தை பெயர் முதல் தாளில் சுப்பிரமணியம், ஏழாவதில் சுப்ரமணியன். ஒரே ஆள்தான் என்று எனக்குத் தோன்றியது. இருந்தும் இரண்டையும் அந்தந்த இடத்தில் உள்ளபடியே எழுதினேன், ஒன்றாக்கவில்லை.

கொடுத்தது என்ன

மொழிபெயர்ப்பின் முதல் பக்கத்திலேயே எந்த நகலிலிருந்து செய்தேன் என்பதைச் சொல்லிவிட்டேன்: நீதிமன்றம் தந்த சான்றாவண நகல், அதன் தேதி, ஏழு தாள், முன்பக்கமும் பின்பக்கமும். முத்திரை, கைரேகை, படிக்க முடியாத இடம் எல்லாவற்றையும் சதுர அடைப்புக்குள் விவரித்தேன். பின்பக்கத்தில் முத்திரைத்தாள் விற்றவர் குறிப்பில் இரண்டு சொற்கள் மை பரவிப் போயிருந்தன, "இரண்டு சொற்கள் படிக்க முடியவில்லை" என்றே போட்டேன்.

அடிக்குறிப்புகள் மொத்தத்தில் கொஞ்சம்தான், அவற்றின் சொற்களில் கவனமாக இருந்தேன். விஸ்தீரணத்துக்கு: "மூலத்தில் உள்ளபடி. தாள் 2-இல் 24 சென்ட், தாள் 6-இல் 42 சென்ட்." எல்லைக்கு: "மூலத்தில் உள்ளபடி. வடக்கு இரண்டு முறை வருகிறது, தெற்கு வரவில்லை." அவ்வளவுதான். "எழுத்துப் பிழையாக இருக்கலாம்", "தெற்கு என்று இருக்க வேண்டும்" என்று எழுதினால் அது கருத்து, குறிப்பில் அதற்கு இடமில்லை. என்ன இருக்கிறது என்று சொல்லலாம், ஏன் என்று சொல்லக் கூடாது.

எல்லா மூலத்துக்கும் இந்தக் கெடுபிடி கிடையாது. ஒரு கம்பெனியின் இயந்திரக் கையேட்டில் ஒரு பக்கம் 24 போல்ட் என்றும் இன்னொரு பக்கம் 42 என்றும் இருந்தால், எழுதியவர் இருக்கிறார், கேட்டால் மூலத்தைத் திருத்திப் புதுப் பதிப்பு அனுப்புவார், நாம் அதை மொழிபெயர்க்கலாம், குறிப்பே வேண்டாம். அங்கே பிழையை அப்படியே கொண்டுபோவதுதான் தப்பு, ஆள் காயப்படலாம். அப்போதும் திருத்துவது மூலத்தின் சொந்தக்காரர், மொழிபெயர்ப்பில் மட்டும் திருத்தினால் அடுத்த பதிப்பில் பழைய பிழை திரும்ப வரும். பதிவான பத்திரத்துக்கு அந்த வழியில்லை. எழுதிக்கொடுத்தவரும் வாங்கியவரும் சேர்ந்து பிழைத்திருத்தல் பத்திரம் எழுதிப் பதியலாம், ஆனால் இந்த வழக்கில் இருவரும் காலமாகிவிட்டார்கள், வாரிசுகள்தான் எதிரெதிரே நிற்கிறார்கள்.

நான்காவது தாள் எங்கேயும் கிடைத்திருக்காவிட்டால் என்ன செய்திருப்பேன் என்று வழக்கறிஞர் பிறகு கேட்டார். மூன்றாவது தாளை அது முறிகிற இடத்திலேயே முறித்து நிறுத்தியிருப்பேன். இதில் தமிழிலிருந்து ஆங்கிலம் போகிறவர்களுக்கு ஒரு கஷ்டம் உண்டு. நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வரும், அது போன தாளோடு போய்விடுகிறது, ஆங்கிலத்துக்கோ வினை முன்னாலேயே வேண்டும். அதற்காக ஐந்தாவது தாளின் வினையைக் கடன் வாங்கவும் கூடாது, ஊகித்து ஒன்றைப் போடவும் கூடாது. "இனி மேற்படி சொத்தை" வரை உள்ளதைத் துண்டாகவே, வினை இல்லாமலே கொடுத்து, மூலத்தில் வாக்கியம் இங்கே நிற்கிறது, 7 தாளில் 4-ஆம் தாள் நகலில் இல்லை என்று அடைப்புக்குள் போட்டு, "தாங்களே" என்று தொடங்கும் அடுத்த தாளைப் புதுப் பக்கத்தில் இன்னொரு துண்டாக ஆரம்பித்திருப்பேன். சான்றுரையிலும் ஆறு தாள் என்றுதான் எழுதியிருப்பேன், ஏழு என்று அல்ல.